புகார் கொடுத்தவருக்கு எழுதும் கடைசிக் கடிதம்

பணியிடப் புகார் ஒன்றின் விசாரணை முடிந்ததும் புகார் கொடுத்தவர் முதலில் கேட்பது, “அவருக்கு என்ன தண்டனை?” என்றுதான். பெரும்பாலான சமயம் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஒன்றைச் சொல்ல முடியாது என்பதற்காக, சொல்ல வேண்டிய மற்ற எல்லாவற்றையும் சேர்த்து மறைத்துவிடுவதுதான் முடிவுக் கடிதங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஓர் ஊழியர் தன் மேற்பார்வையாளர் மீது மூன்று குற்றச்சாட்டுகள் வைக்கிறார் என்று கொள்வோம். கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் தரக்குறைவாகப் பேசினார். இரவு 11 மணிக்கு மேல் மெசேஜ் அனுப்பி உடனே பதில் கேட்டார். அதைத் தட்டிக் கேட்டதற்காக விடுப்பை மறுத்தார். முதல் இரண்டும் உறுதியாகின்றன, மூன்றாவது ஆகவில்லை. அவருக்குப் போகும் கடிதமோ இப்படி இருக்கிறது: “தங்கள் புகார் முறையாக விசாரிக்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.” தான் சொன்னதை நம்பினார்களா இல்லையா என்பதுகூட இதில் தெரியாது. அடுத்த வாரமே மேல்முறையீடு வந்தால் வியப்பில்லை.

விசாரணையில் கண்டறிந்தது வேறு, அதன்பேரில் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை வேறு. கண்டறிந்ததை ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக எழுதலாம், எழுத வேண்டும். “கூட்டத்தில் உங்களிடம் தரக்குறைவாகப் பேசப்பட்டது என்பது விசாரணையில் உறுதியானது. அது நம் நடத்தை விதிகளுக்கு மாறானது.” இந்த இரண்டு வரிகளுக்காகத்தான் அவர் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

உறுதியாகாத குற்றச்சாட்டில்தான் சொற்களை அதிகம் எடைபோட வேண்டும். “ஆதாரமற்றது” என்று எழுதினால் பொய்ப் புகார் என்று அவர் காதில் விழும். “விடுப்பு மறுக்கப்பட்டது உண்மை. அது உங்களைப் பழிவாங்குவதற்காகச் செய்யப்பட்டது என்று முடிவுசெய்யப் போதுமான சான்று கிடைக்கவில்லை. நீங்கள் சொன்னது பொய் என்று இதற்குப் பொருள் இல்லை” என்று எழுதுவதே சரி. எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம்: அந்த மாதத்து விடுப்புப் பதிவுகள் அனைத்தையும் பார்த்தோம் என்று. அதே வாரத்தில் வேறு யாருக்கெல்லாம் விடுப்பு மறுக்கப்பட்டது என்பது அவர்களுடைய தகவல். அது கடிதத்துக்குள் வரக்கூடாது.

தண்டனை விவரம் மேற்பார்வையாளரின் பணிப்பதிவைச் சேர்ந்தது. அவருக்கும் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு, இன்றைய முடிவு நாளை மாறலாம். இந்தக் காரணத்தைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். காரணம் தெரியாத மௌனத்தைப் பூசிமெழுகல் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் புகார்தாரரின் அன்றாடத்தைத் தொடுகிற எதையும் தனிமனித ரகசியம் என்று சொல்லி மறைக்கக்கூடாது. திங்கள்கிழமை முதல் அவர் வேறொருவரின் கீழ் வேலை செய்வார் என்றாலோ, மேற்பார்வையாளர் அவரை நேரடியாகத் தொடர்புகொள்ளக்கூடாது என்று உத்தரவு இருந்தாலோ, அது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். உத்தரவு மீறப்பட்டால் முதலில் அறியப்போகிறவர் அவர்தானே.

சில வகைப் புகார்களில் சட்டமே இதைவிட அதிகம் தரச் சொல்லும். இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசாரணை அறிக்கை இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும். எனவே எழுதத் தொடங்குமுன் எந்த விதியின் கீழ் விசாரணை நடந்தது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

சாட்சிகளின் பெயரை யாரும் எழுதுவதில்லை. எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கிறது. நான்கு பேர் இருந்த கூட்டத்தைப் பற்றி “சாட்சிகளில் ஒருவர் மட்டும் உங்கள் கூற்றை மறுத்தார்” என்று எழுதினால், யார் அவர் என்று மாலைக்குள் பேச்சு கிளம்பிவிடும். “கூட்டத்தில் இருந்தவர்களிடம் விசாரித்தோம்” என்பதோடு நிறுத்திவிடலாம்.

கடிதத்தை ஒழுங்காக எழுதிவிட்டு வாய்மொழியில் கோட்டைவிடுவதும் உண்டு. “கவலப்படாதீங்க, அவர சும்மா விடல” என்று மேலாளர் ஒருவர் நடைபாதையில் ஆறுதல் சொன்னால், கடிதம் காத்த ரகசியம் அங்கேயே உடைகிறது. அவரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். இரு தரப்புக்கும் ஒரே நாளில் முடிவைத் தெரிவிப்பதும் இதற்கு உதவும். புகார்தாரரிடம் நேரில் சொல்லிவிட்டு அன்றே கடிதத்தைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம், சந்தேகம் கேட்க அவருக்கு இரண்டு நாள் ஆளே கிடைக்காது.

விசாரணை விவரங்களைப் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வழக்கறிஞர், மருத்துவர், தொழிற்சங்கம், அரசு அதிகாரிகள் ஆகியோரிடம் பேச இது தடையில்லை என்பதும் அதே பத்தியில் இருக்கட்டும். மேல்முறையீட்டுக்கு “உரிய காலத்துக்குள்” என்று எழுதாமல், கடைசித் தேதியையும் யாரிடம் தர வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். பழிவாங்கல் தென்பட்டால் அழைக்க வேண்டியவரின் பெயர், தொலைபேசி எண், 30 நாள் கழித்து நாமே புகார்தாரரை அழைத்து நிலைமை கேட்கப்போகும் தேதி, இவை கடைசிப் பத்தியில் வரும். அந்தத் தேதியைக் கடிதம் போகும் அன்றே நாட்காட்டியிலும் குறித்துவிடுங்கள்.