அனுப்பும் முன்: திருப்பூர் ஏற்றுமதி அலுவலக நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

டி-ஷர்ட் வாங்கும் ஜெர்மனி பையரிடமிருந்து காலையில் பி.ஓ. என்னும் கொள்முதல் ஆணையின் இரண்டாம் திருத்தம் வந்தது. ‘திருத்திய பி.ஓ. இணைப்பில்’ என்ற ஒற்றை வரியோடு மின்னஞ்சல் முடிந்துவிட்டது. எது மாறியது என்று அவர்கள் சொல்லவில்லை. பெரும்பாலான பையர்கள் சொல்வதும் இல்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நாம்தான் தேட வேண்டும்.

பொருளை அனுப்பும் முன்பே பையருக்குக் கொடுக்கும் விலைப்பட்டியலான ப்ரோஃபார்மா இன்வாய்ஸை மதியம் தம்பி தயாரித்துக் கொண்டுவந்தான். மெர்ச்சண்டைசிங்கிற்குப் புதியவன், கவனமான பையன். “பார்த்துவிட்டேன் அக்கா. மொத்தம் 12,000 பீஸ், பெட்டி 500. இரண்டும் ஒத்துப்போகிறது” என்றான்.

இரண்டும் ஒத்துத்தான் போயின. ஆனால் முதல் பி.ஓ.வில் நேவி 7,200, கிரே மெலாஞ்ச் 4,800. திருத்தத்தில் இரண்டும் 6,000. பெட்டிக்கு 24 பீஸ் என்பதால் முன்பு 300-உம் 200-உம், இப்போது 250-உம் 250-உம். எப்படிக் கூட்டினாலும் 500 பெட்டிதான். அவன் கையில் இருந்தது பழைய பிரிவு. வித்தியாசம் ஒரே ஓர் இடத்தில்தான் தெரியும்: மதிப்பில். நேவி 3.15 டாலர், மெலாஞ்ச் 3.40 டாலர். பழைய கணக்கில் 39,000 டாலர், புதிய கணக்கில் 39,300.

300 டாலர்தானே என்று இதை விட முடியாது. இந்த இன்வாய்ஸைப் பையர் ஒப்புக்கொண்டால் இதை வைத்துத்தான் நூல் வாங்குவோம். நேவியாக இருந்தால் வெள்ளைத் துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பிச் சரிக்கட்டலாம். மெலாஞ்சில் அந்த வழி கிடையாது. சாயமேற்றிய பஞ்சையும் சாயமில்லாத பஞ்சையும் கலந்து நூற்ற நூல் அது. நூலிலேயே நிறம் வந்துவிடுகிறது. 1,200 பீஸுக்கு மெலாஞ்ச் குறைந்தால் திரும்ப நூலில் இருந்துதான் தொடங்க வேண்டும். கப்பல் தேதி அதற்குள் போய்விடும்.

தம்பி எங்கே தவறவிட்டான் என்று விசாரித்தேன். முந்தைய இன்வாய்ஸ் கோப்பைத் திறந்து தேதியையும் திருத்த எண்ணையும் மட்டும் மாற்றியிருக்கிறான். பிறகு அதை நம்முடைய ஆர்டர் ஷீட்டோடு ஒப்பிட்டிருக்கிறான். அந்த ஷீட்டும் முதல் பி.ஓ.வை வைத்துத் தயாரானது. நாம் எழுதியதை நாமே எழுதிய இன்னொன்றோடு ஒப்பிட்டால் இரண்டிலும் ஒரே பிழை இருக்கும், இரண்டும் அழகாக ஒத்துப்போகும். ஒப்பிட வேண்டியது பையர் அனுப்பிய கடைசிப் பி.ஓ.வோடு மட்டுமே.

பி.ஓ.வை அச்செடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் வாசித்தான், நான் இன்வாய்ஸில் பென்சிலால் டிக் போட்டேன். நிறம், அளவு, எண்ணிக்கை, விலை, நாணயம் என்று வரிக்கு வரி. மொத்தத்தைக் கடைசியில்தான் பார்த்தோம், அதையும் கால்குலேட்டரில் புதிதாகப் போட்டு. வாசிப்பவர் பி.ஓ.வைத்தான் வாசிக்க வேண்டும். இன்வாய்ஸை வாசித்துப் பி.ஓ.வில் தேடினால், பி.ஓ.வில் இருந்து இன்வாய்ஸில் விடுபட்ட வரி கண்ணில் படவே படாது.

ஜூன் 4, புதன்

நேற்று அப்படி வாசித்ததில் விடுபட்ட வரி ஒன்று அகப்பட்டது. எண்ணிக்கையிலும் மதிப்பிலும் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பி.ஓ.வின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. இன்வாய்ஸில் அது இல்லை.

இந்த ஆர்டருக்குப் பணம் எல்.சி. மூலம் வருகிறது, அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதி. பையர் நம் ப்ரோஃபார்மாவை அவருடைய வங்கியில் கொடுத்துத்தான் எல்.சி. திறப்பார். அதில் இல்லாத வரி எல்.சி.யிலும் இருக்காது. ‘எப்படியும் 5 சதவீதம் விதியிலேயே உண்டு’ என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 30ஆம் பிரிவில் அந்தச் சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் எல்.சி. அளவைப் பொதிக் கணக்கிலோ பீஸ் கணக்கிலோ சொல்லியிருந்தால் அது பொருந்தாது. கிலோவில் விற்கும் நூலுக்குக் கிடைப்பது பீஸில் விற்கும் டி-ஷர்ட்டுக்குக் கிடையாது. தையலில் 12,150 பீஸ் வந்து அத்தனையையும் ஏற்றிவிட்டால், எல்.சி.யில் இந்த வரி இல்லாதபோது வங்கி ஆவணத்தில் குறை காட்டும். வரியைப் பி.ஓ.வில் உள்ள சொற்களிலேயே சேர்க்கச் சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

இன்று பெயர்கள். பி.ஓ.வின் தலைப்பில் இருக்கும் நிறுவனம் `GmbH` என்று முடிகிறது. பணம் செலுத்துபவர் என்ற கட்டத்தில் அதே பெயர், ஆனால் `GmbH & Co. KG` என்று முடிகிறது. பார்வைக்கு ஒரே நிறுவனம், சட்டப்படி இரண்டு. பொருள் போய்ச் சேரும் கிடங்கின் முகவரி மூன்றாவதாக வேறு.

தம்பி மூன்று இடத்திலும் முதல் பெயரையே போட்டிருந்தான். எல்.சி.யில் விண்ணப்பதாரராக எந்தப் பெயர் வருமோ அந்தப் பெயரில்தான் வங்கிக்குக் கொடுக்கும் இன்வாய்ஸ் இருக்க வேண்டும். எது வரும் என்று பி.ஓ.வைப் பார்த்து ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. “எல்.சி. எந்தப் பெயரில் திறப்பீர்கள்?” என்று ஒரே கேள்வியோடு தனி மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். வேறு விஷயங்களோடு சேர்த்துக் கேட்டால் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராமல் போகும்.

ஜூன் 9, திங்கள்

`GmbH & Co. KG` என்று பதில் வந்துவிட்டது. இன்வாய்ஸை அனுப்ப உட்கார்ந்தோம்.

உடன் போக வேண்டியது உத்தேச பேக்கிங் லிஸ்ட். தம்பி அதை எக்செல் கோப்பாகவே இணைத்திருந்தான். இணைப்பைத் திறந்து, கீழே ஷீட் பெயரின் மேல் வலது சொடுக்குப் போட்டேன். `Unhide` தெளிவாகத் தெரிந்தது, அதாவது மறைத்துவைத்த ஷீட் உள்ளே இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் காஸ்டிங். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக்கூலி, நம் லாபம் எல்லாம் வரிசையாக. பையர் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த சீசனில் விலை பேச நமக்கு வாய் இருக்காது. வெளியே போகும் எதையும் பி.டி.எஃப். ஆக்கித்தான் அனுப்ப வேண்டும். பையர் எக்செல்தான் வேண்டும் என்றால், தேவையான ஷீட்டை மட்டும் புதிய கோப்பில் மதிப்புகளாக ஒட்டி அனுப்பலாம்.

இணைப்பைக் கணினிக் கோப்புறையில் திறந்து பார்ப்பது போதாது. மின்னஞ்சல் வரைவில் ஏறியிருக்கும் கோப்பையே சொடுக்கித் திறக்க வேண்டும். `PI_R1.pdf`, `PI_R2.pdf` இரண்டும் ஒரே கோப்புறையில் அடுத்தடுத்து இருக்கின்றன, கை தவற அரை அங்குலம் போதும்.

அதே மின்னஞ்சலில் கீழே இழுத்துப் பார்த்தேன். தம்பி எழுதியது, நூல் வியாபாரியோடு நடந்த விலைப் பேச்சை நம் அலுவலகத்துக்குள் அனுப்பிய பழைய மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இருந்தது. புதிய மின்னஞ்சல் திறந்து எழுதச் சொன்னேன். பெறுநர் முகவரியைக் கடைசியில்தான் போட வைத்தேன், முதல் எழுத்திலேயே பெட்டி நிரப்பிக்கொள்ளும் முகவரியை நம்பாமல் பி.ஓ.வில் உள்ள முகவரியைப் பார்த்து.

மாலை 4 மணிக்குப் போனது.

ஜூன் 13, வெள்ளி

எல்.சி. வரைவு வந்துவிட்டது. 39,300 டாலர், 5 சதவீத வரி இருக்கிறது, பெயர் சரி. பொருள் விவரத்தில் ‘100 சதவீதம் பருத்தி’ என்று வங்கி எழுதியிருக்கிறது. நேவிக்கு அது சரி. பி.ஓ.வில் மெலாஞ்சுக்கு 90 சதவீதம் பருத்தி, 10 சதவீதம் விஸ்கோஸ். நம் இன்வாய்ஸிலும் அப்படித்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது தம்பி. திருத்தம் கேட்டு அவனே எழுதினான், பி.ஓ.வின் அந்தப் பக்கத்தை இணைத்து. அனுப்பும் முன் இணைப்பைத் திறந்து என்னிடம் காட்டினான்.