மதுரைக் கிளை

போனில் பேர் பதிவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். சம்பந்தப்பட்டவரே எட்டிப் பார்த்தாலும் அவருக்கு நெஞ்சு நிமிர வேண்டும். வீட்டு ஓனர் 'குபேரன்'. ஒருநாள் அவர் எதிரிலேயே போன் அடித்துவிட்டது, பார்த்தார், முகமெல்லாம் பூரிப்பு, அடுத்த மாதம் வாடகையில் ஐந்நூறு ஏற்றினார், அது வேறு கதை. மேனேஜர் 'ஆலமரம்'. நிழல் தருகிறவர் என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். அதன் அடியில் புல் முளைக்காது என்பது எனக்கும் பக்கத்து சீட்டுக்கும் மட்டும் தெரியும்.

அத்தை 'மதுரைக் கிளை'. உயர் நீதிமன்றத்துக்கு 2004-ல் மதுரையில் கிளை திறந்தார்கள், எனக்கு 2011-ல், கல்யாணத்தன்று. இங்கே வீட்டில் எந்தத் தீர்ப்பு வந்தாலும் அப்பீல் அங்கேதான் போகும், போய் நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

நேற்று சின்ன மாமா பத்திரிகை வைக்க அத்தையின் புது நம்பர் கேட்டார், அதுவும் குடும்ப குரூப்பில். நம்பரை மட்டும் காப்பி செய்து ஒட்டியிருந்தால் பத்து இலக்கத்தோடு போயிருக்கும். நான் சோம்பேறித்தனமாக கான்டாக்ட்டையே அனுப்பினேன். அப்படி அனுப்பினால் நாம் என்ன பேரில் பதிந்திருக்கிறோமோ அதே பேரோடுதான் போய் உட்காரும். எனக்கு இது தெரியும், ஆபீஸில் நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

"மாப்பிள்ளை, இது எந்த பேங்க் கிளை?" என்று மாமா கேட்டபோதுதான் உறைத்தது. எல்லாருக்கும் சேர்த்து அழித்தேன், ஆனால் மனுஷன் அதற்குள் தன் போனில் சேமித்துவிட்டார். குரூப்பில் அழிக்கலாம், அவர் போனுக்குள் போனதை நான் எப்படி அழிப்பது? உள்துறை, அதாவது என் மனைவி, அடுக்களையில் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

ராத்திரி அத்தையே கூப்பிட்டார்கள். "மாப்ளே, நான் என்ன கிளை?"

வேறு வழியில்லாமல் கோர்ட் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஜட்ஜம்மானு சொல்லுங்க" என்றார்கள். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்த மாதிரிதான் பட்டது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "சரி அத்தே, உங்க போன்ல என் பேர் என்ன?"

"உங்க பேருதான்..." என்று இழுத்தார்கள். பக்கத்திலிருந்து மாமனார் போனை வாங்கிப் போட்டு உடைத்தார்.

கேஸ்.

ஊருக்குப் போயிருந்தபோது ஒருதடவை சிலிண்டர் புக் பண்ணிக் கொடுத்தேன், அன்றைக்கு வைத்த பேராம். இன்றுவரை நான் நலம் விசாரிக்கக் கூப்பிடும்போதெல்லாம் அந்த வீட்டில் "ஏங்க, கேஸ் வந்திருக்கு" என்றுதான் குரல் போகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வருஷம் கல்யாணமான சகலை, ஒரு சிலிண்டர்கூடத் தூக்கியதில்லை, அவன் பேர் அங்கே 'தங்க மாப்ளே'.