பால் பொங்கிருச்சா அத்தை?

"தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

மதுரை அத்தைக்கு வாய்ஸ் நோட் அனுப்பத்தான் எழுதிவைத்துப் படித்தேன். அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: "என்ன, செய்தி வாசிக்கிறீங்களா?"

உண்மைதான். 'தெரிவித்துக்கொள்கிறேன்' வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. வாய்க்குப் பழகாத சொல் வந்தால் குரலும் விறைத்துக்கொள்கிறது.

சரி என்று எழுதியதை அடித்துவிட்டு, முதலில் வாயால் சொல்லிப் பார்த்தேன். சொன்னதை அப்படியே எழுதினேன், ஒரு மூச்சுக்கு ஒரு வரி.

"அத்தை, நான்தான்.
பால் பொங்கிருச்சா?
இங்க இப்பதான் பொங்குச்சு.
மாமாவுக்கு முட்டுவலி தேவலையா?
பொங்கலோ பொங்கல்!"

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஒரு நொடி நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் படிக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

பத்தாவது நிமிடம் பதில் வந்தது: "பொங்கிருச்சுடா, கிழக்கால வழிஞ்சுச்சு!"