அக்டோபர்–டிசம்பர் மழையை வீட்டுக் கணினியில் எண்ணிப் பார்த்தேன்

பருவமழைக்கு முன்னால் "இந்த ஆண்டு இயல்பை விட அதிகம் பெய்ய 47 சதவீத வாய்ப்பு" என்று செய்தி வரும்போதெல்லாம் அந்த 47 எங்கிருந்து வருகிறது என்று ஒரு குடைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அதை நானே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று இறங்கினேன். எடுத்துக்கொண்டது நம்ம திருநெல்வேலிச் சீமையின் வடகிழக்குப் பருவமழை, அதாவது பிசான நெல்லைத் தூக்கி நிறுத்துகிற அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை.

நாலைந்து நாளுக்கு மேல் வானிலையைத் துல்லியமாகச் சொல்வதே கஷ்டம். அப்படியிருக்க, மூன்று மாதம் தள்ளி எப்படிச் சொல்ல முடியும்? காற்று சீக்கிரம் மறந்துவிடும், கடல் மறக்காது. பசிபிக் நடுப்பகுதி நீர் செப்டம்பரில் வழக்கத்தை விட ஒரு டிகிரி சூடாக இருந்தால், டிசம்பரிலும் பெரும்பாலும் சூடாகவே இருக்கும். அதுதான் எல் நினோ. குளிர்ந்தால் லா நினா. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும், தமிழ்நாட்டில் வடகிழக்கு கூடுவதும் வழக்கம். ஆகத் தென்மேற்கை நம்பும் கார் நெல்லுக்கு ஆகாதது பிசானத்துக்கு ஆகும். பருவகாலக் கணிப்பு எல்லாம் இந்த மாதிரிக் கடலின் ஞாபகத்தைக் கையிருப்பாக வைத்துத்தான் நடக்கிறது.

ஐரோப்பிய வானிலை மையத்தின் `SEAS5` என்ற பருவகாலக் கணிப்புக் கணினி மாதிரியை எடுத்தேன். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் தரவுத் தளத்தில் கணக்குத் திறந்தால் அதன் தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாதத்தின் முதல் தேதி கடலும் காற்றும் இருக்கிற நிலையை வைத்து அவர்கள் ஒரு ஓட்டத்தோடு நிறுத்துவதில்லை, 51 ஓட்டம் ஓட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் தொடக்க நிலை துளித்துளி மாறும், ஏழு மாதம் வரை போகும். 51 டிசம்பரும் 51 விதமாக வரும். அதில் எது நம்முடைய டிசம்பர் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை டிசம்பர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எண்ணுவதுதான் வேலை.

செப்டம்பர் ஓட்டத்தில் செப்டம்பரே முதல் மாதம். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டுமென்றால் 2, 3, 4 என்று எடுக்க வேண்டும். மழை `tprate` என்ற பெயரில், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற அளவில் கிடைக்கும். அதை 86400-ஆலும் 1000-ஆலும் அந்த மாதத்து நாட்களாலும் பெருக்கினால் மில்லிமீட்டர். மூன்று மாதத்தையும் கூட்டினால் ஒரு ஓட்டத்துக்கு ஒரு எண்.

இப்போது அந்த எண்ணைப் பாபநாசம் மழைமானியோடு ஒப்பிடலாம் என்று கை பரபரக்கும். ஒப்பிடக் கூடாது. கிடைக்கிற தரவில் ஒரு கட்டம் ஒரு டிகிரி, அதாவது பக்கத்துக்குச் சுமார் 110 கிலோமீட்டர். நம்ம கட்டம் 8-லிருந்து 9 வரை அட்சம், 77-லிருந்து 78 வரை தீர்க்கம். அதற்குள் தென்காசி இருக்கிறது, பாபநாசம் இருக்கிறது, களக்காடு, ராதாபுரம், நாகர்கோவில் எல்லாம் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஒரு துண்டும் இருக்கிறது. மாஞ்சோலை ஊத்து எஸ்டேட்டில் கொட்டுகிற மழையும், ராதாபுரம் தேரிக்காட்டில் தூறுகிற மழையும் ஒரே எண்ணாகக் கரைந்துவிடுகின்றன. மாதிரிக்குள் மலையும் அமுங்கித் தட்டையாகத்தான் இருக்கும். அதனால் அது தரும் மில்லிமீட்டருக்குத் தனியாக மதிப்புக் கிடையாது.

அதற்கு வழி, மாதிரியை அதனுடைய பழைய நடத்தையோடே ஒப்பிடுவது. இதே மாதிரியைக் கடந்துபோன ஆண்டுகளுக்கும் ஓட்டி வைத்திருக்கிறார்கள். 1993 முதல் 2016 வரை 24 ஆண்டு, ஆண்டுக்கு 25 ஓட்டம், மொத்தம் 600 எண். அந்த 600-ஐயும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி மூன்று பங்காக்கினால் இரண்டு எல்லை கிடைக்கும். கீழ்ப்பங்கு "குறைவு", நடுப்பங்கு "இயல்பு", மேல்பங்கு "அதிகம்". அப்புறம் இந்த ஆண்டின் 51 எண்ணையும் அந்த எல்லைகளில் வைத்து எண்ண வேண்டியதுதான். கீழே `hind` என்பது அந்த 600 எண், `fc` என்பது இந்த 51 எண்.

```python
import numpy as np
lo, hi = np.quantile(hind.ravel(), [1/3, 2/3])
print((fc < lo).mean(), (fc > hi).mean())
```

முழு ரகசியமும் இந்த மூன்று வரிதான். 51-ல் 24 மேல்பங்கிலும், 16 நடுவிலும், 11 கீழ்ப்பங்கிலும் விழுந்தது என்று வையுங்கள். 47, 31, 22 சதவீதம். செய்தியில் வருகிற 47 இப்படிப் பிறப்பதுதான். ஒன்று கவனிக்க வேண்டும். பழைய ஓட்டமும் புதிய ஓட்டமும் ஒரே பதிப்பாக, ஒரே தொடக்க மாதமாக இருக்க வேண்டும். 51-ம் ஒட்டுமொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்தால் சந்தோஷப்படாமல் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். அநேகமாகப் பதிப்போ மாதமோ அலகோதான் மாறியிருக்கும்.

எங்கள் சித்தப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல். கணக்கைக் காட்டினேன்.

"நாப்பத்தேழுன்னா பாதிகூட இல்லயேடே. அப்பொ பெய்யாதுன்னுதான அர்த்தம்?"

"இல்ல சித்தப்பா. ஒண்ணுமே தெரியாதவன் சொன்னா மூணுக்கும் முப்பத்துமூணு. அது நாப்பத்தேழா ஏறியிருக்கு, அவ்வளவுதான்."

"சரி, அந்த இருவத்திரண்டு வந்துட்டா யாரைக் கேக்க?"

யாரையும் கேட்க முடியாது. 22 சதவீதம் என்பது ஐந்துக்கு ஒன்றை விடக் கொஞ்சம் அதிகம். அது வந்தாலும் கணிப்புப் பொய் ஆகாது. இதில் எனக்கே கொஞ்சம் எரிச்சல் உண்டு, ஏனென்றால் ஒரு ஆண்டை வைத்து இதை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அப்படியானால் பழைய ஆண்டுகளை வைத்துச் சோதிக்கலாமே? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டவாரி மழைத் தரவு 1901-லிருந்து கிடைக்கிறது. ஆனால் ஆண்டுகள் போதாது. 1991-க்குப் பிறகு எல் நினோவோடு வந்த வடகிழக்குப் பருவங்கள் பத்துப் பன்னிரண்டுதான் தேறும். 11 எல் நினோ ஆண்டுகளில் 6 மேல்பங்கில் விழுந்தால் பெரிய தொடர்பு என்று தோன்றும். ஆனால் பகடையை எடுத்து, 1 அல்லது 2 விழுந்தால் "அதிகம்" என்று வைத்துக்கொண்டு பதினொரு தடவை உருட்டுங்கள். கடலுக்கும் பகடைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் எட்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டத்தில் ஆறோ அதற்கு மேலோ விழும். எல் நினோ தொடர்புக்கு இயற்பியல் காரணம் இருப்பதால் நம்புகிறேன். வெறும் எண்ணிக்கையை மட்டும் வைத்து நம்ப மாட்டேன்.

தொடர்பு இருந்தாலும் அது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு 2016-ம் 2021-ம் போதும். இரண்டும் லா நினா. இரண்டிலும் இந்தியப் பெருங்கடல் இருமுனை, அதாவது அந்தக் கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், எதிர்மறைப் பக்கம் இருந்தது. புத்தகப்படி இரண்டுமே தமிழ்நாட்டுக்கு வறண்ட வடகிழக்காக இருந்திருக்க வேண்டும். 2016-ல் மாநில மழை இயல்பை விட 62 சதவீதம் குறைந்தது, புத்தகம் ஜெயித்தது. 2021-ல் 59 சதவீதம் கூடியது. அந்த நவம்பரில் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்று மாதத்து மழையில் பெரும்பகுதி இப்படிச் சில நாட்களில், சில தாழ்வுப் பகுதிகளால் வருகிறது. அவை எப்போது உருவாகும், எந்தக் கரையைத் தொடும் என்பது செப்டம்பர்க் கடலில் எழுதியிருப்பதில்லை. கடல் சொல்வது பருவம் எந்தப் பக்கம் சாயும் என்பதை மட்டுமே.

2023-ஐ நம்ம பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசியில் வானிலைத் துறை சொன்னது, தென் தீபகற்பத்தில் வடகிழக்கு மழை பெரும்பாலும் இயல்பாக இருக்கும், நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை, என்று. தென் தீபகற்பம் என்பது தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஐந்தும் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கணக்கு கடைசியில் இயல்பை ஒட்டியே முடிந்தது. ஆனால் டிசம்பர் 17, 18-ல் குமரிக்கடல் பக்கத்து வளிமண்டலச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மாநிலத்துக்கு மூன்று மாதத்து இயல்பே சுமார் 44 சென்டிமீட்டர்தான். "இயல்புன்னு சொன்னாங்களே" என்று அப்போது பேசாதவர் இல்லை. ஐந்து பகுதிகளின் மூன்று மாதக் கூட்டுத்தொகையைப் பற்றிய வாக்கியம் அது. ஒரு ஊரின் ஒரு ராத்திரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பார்க்க வேண்டியது சில நாட்களுக்கு முன் வரும் எச்சரிக்கையைத்தான். பருவக் கணிப்பு பெருவெள்ளத்துக்கு உறுதி தராது, வெள்ளம் இல்லை என்றும் உறுதி தராது.

சித்தப்பாவின் முடிவில் இதற்கு எத்தனை இடம்? அவர் முதலில் பார்ப்பது பாபநாசம் அணை 143 அடியில் எத்தனை அடி நிற்கிறது, மணிமுத்தாறு 118-ல் எத்தனை என்பதைத்தான். அது கையிலிருக்கும் தண்ணீர். அணை நிறைந்திருந்தால் 47-ம் ஒன்று, 33-ம் ஒன்று. பாதிதான் இருக்கிறது, கணிப்பும் குறைவுப் பக்கம் சாய்கிறது என்றால் ஏ.எஸ்.டி. 16 மாதிரிக் குறுகிய கால நெல்லுக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். நான் பார்த்தவரை கணிப்பு உதவுகிற இடம் இந்த நடுவாந்தர நிலைதான்.

இனிமேல் ஒவ்வொரு செப்டம்பரும் மழைக்கு முன்னாலேயே மூன்று எண்ணையும் நோட்டில் எழுதி வைத்து, ஜனவரியில் மதிப்பெண் போடப் போகிறேன். நடந்த பங்குக்கு நான் கொடுத்திருந்த வாய்ப்பை மூன்றால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 47 சதவீதம் கொடுத்தது நடந்தால் 1.41, 22 கொடுத்தது நடந்தால் 0.66. குருட்டாம்போக்கில் எல்லாவற்றுக்கும் மூன்றிலொன்று கொடுப்பவனுக்கு எப்போதும் 1. ஆண்டுக்கு ஆண்டு மதிப்பெண்ணைப் பெருக்கிக்கொண்டே போனால், 1-க்கு மேல் நிற்கும்வரை மாதிரிக்கு ஏதோ தெரிகிறது என்று பொருள். ஒரு ஆண்டு ஒத்து வந்து அடுத்த ஆண்டு கவிழ்ந்தால் 0.93, குருட்டாம்போக்கை விடக் கீழே. ஆக இரண்டு மூன்று ஆண்டில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. அதுவரை பிரிட்டன், ஜெர்மனி மையங்களின் ஓட்டங்களையும் தனித்தனி நிரலில் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கலாம் என்று இருக்கிறேன்.