பச்சரிசியும் வாய் ஓரப் புண்ணும்

தூத்துக்குடியில் முப்பத்தாறு வருடம் இருந்தவரை எனக்கு உதடு வெடித்ததாக நினைவே இல்லை. கடற்கரை ஊர், எந்நேரமும் பிசுபிசுப்பு. ஓசூருக்கு மாறி வந்து முதல் மார்கழி பிறந்ததும் கீழுதடு நடுவில் ஒரு கோடு விழுந்தது. தை மாதக் காற்றில் அது பிளந்து, சிரித்தால் ரத்தம் வர ஆரம்பித்தது. இட்லிக்குக் காரச் சட்னி தொட்டுக்கொள்ள முடியவில்லை.

எரியும்போதெல்லாம் நாக்கால் தடவிக்கொள்வேன். செய்வது எனக்கே தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போது முன் வரிசைப் பெண் ஒருத்தி தோழியிடம், "டீச்சர் பாரு, மறுபடியும்" என்று கிசுகிசுத்த பிறகுதான் கவனித்தேன். கடையில் வாங்கிய ஸ்ட்ராபெரி வாசனை லிப் பாமும் போட்டேன். போட்டதும் சில்லென்று இருக்கும், அரை மணியில் பழைய எரிச்சல். இனிப்பாக இருந்ததால் அதையும் நக்கியே தீர்த்தேன் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வாரத்தில் உதட்டைச் சுற்றியும் செந்நிறமாய்த் தடித்து, பிறகு கருத்தது, லிப்ஸ்டிக் அப்பிய குழந்தை மாதிரி. வாயின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாய் ஊறிப்போன சின்ன வெடிப்பு. அத்தை பார்த்துவிட்டு, "ராத்திரி ஏதோ பூச்சி மேல போயிருக்கும்மா" என்றார். அடுத்த நாள் "உடம்பு சூடு" என்று மாற்றிக்கொண்டு வெண்ணெய் தடவச் சொன்னார். மெடிக்கலில் கேட்டால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் ஒரு ட்யூபும் தந்தார்கள். மாத்திரையைப் போட்டேன். ட்யூபில் கடுமையான ஸ்டீராய்டு இருப்பதைப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அந்த மாதிரி மருந்தை முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாய்க் கிளம்பும்.

தோல் டாக்டர் முதலில் என்னை நாக்கை நீட்டி உதட்டைச் சுற்றி ஒரு சுற்று சுற்றச் சொன்னார். கையில் கண்ணாடியைக் கொடுத்திருந்தார். நாக்கு நுனி எட்டும் இடத்தோடு அந்தக் கறுப்பு வளையம் சரியாக முடிந்தது. "இது தோல் வியாதி இல்லைம்மா, உங்க நாக்கு போட்ட கோடு" என்றார். உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி இருப்பதே அபூர்வம், வியர்வைச் சுரப்பி கிடையாது, தோலும் மிக மெல்லியது. எச்சில் காயும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. சோற்றைச் செரிக்க வந்த எச்சில் நாள் முழுக்க மேலே ஊறினால் தோலும் புண்படும். காய்ந்தால் நக்குகிறோம், நக்கினால் காய்கிறது.

அவர் சொன்ன வைத்தியத்தில் பெரிய செலவு எதுவும் இல்லை. வாசனை, நிறம், மென்தால், கற்பூரம் எதுவும் சேராத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. இரண்டு மணிக்கொரு முறை, சாப்பிட்டபின், படுக்கும்முன் தடிமனாக. செதில் தொங்கினால் பிய்க்காமல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒற்றிவைத்து, உடனே ஜெல்லி பூச வேண்டும். பல் தேய்க்கும் காரமான புதினா பேஸ்ட்டை மாற்றினேன். வளையத்துக்கு மட்டும் மென்மையான ஸ்டீராய்டு களிம்பு, ஒரு வாரம். நக்கும் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். உதட்டில் ஜெல்லி கனமாய் இருந்தால் நாக்கு பட்டதும் அந்த வழவழப்பே நினைவூட்டிவிடும். அது எனக்கு உதவியது. மூன்று வாரத்தில் உதடு சரியாகிவிட்டது.

வாய் ஓரம் மட்டும் ஆறவில்லை. அங்கே எச்சில் தேங்கிப் பூஞ்சையும் கிருமியும் பிடிக்கும் என்று க்ளோட்ரிமசோல் களிம்பு தந்திருந்தார். பத்து நாளில் மூடியது, நிறுத்திய மறுவாரமே திரும்பக் கிழிந்தது. கொட்டாவி விடப் பயம். இரண்டாம் தடவை போனபோதுதான் அவர் உதட்டை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார், வெளிறியிருந்தது. நாக்கில் இருக்க வேண்டிய சொரசொரப்பு குறைந்து மொழுக்கென்று இருப்பதைக் காட்டினார். அப்புறம் எதிர்பாராத கேள்வி: "மண்ணு, சாக்பீஸ், அரிசி, ஐஸ், ஏதாவது சாப்பிடத் தோணுதா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வருடமாக நான் பச்சரிசி மென்றுகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரு பிடி, நோட்டுத் திருத்தும்போது ஒரு பிடி. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு ஊர் மாற்றத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 தான், 15க்குக் கீழே போனாலே சேமிப்பு காலி என்று அர்த்தம். சர்க்கரையும் பார்த்தார்கள், ஏனென்றால் அது கூடினாலும் இதே புண் வரும், எனக்கு இல்லை. பி12 சரியாக இருந்தது. ஆக, நான் போட்ட பி காம்ப்ளெக்ஸால் இந்தக் குறை தீர்ந்திருக்காது.

இரும்பு எங்கே போகிறது என்பதையும் டாக்டர் விடவில்லை. மாதவிலக்கில் இரண்டு மணிக்கொரு முறை நாப்கின் மாற்றுவேன், ஏழு நாள் போகும். அம்மாவுக்கும் அப்படித்தான் என்பதால் இயல்பு என்று நினைத்திருந்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் 3 சென்டிமீட்டர் நார்க்கட்டி. மகப்பேறு மருத்துவர் அறுவை வேண்டாம், அந்த நாட்களில் மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை போதும், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

இரும்பு மாத்திரையை முதல் வாரம் காபியோடு விழுங்கினேன். காபி, டீ, பால் எல்லாமே இரும்பை உடம்பில் ஏறவிடாது என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போட்டு, காபியை ஒரு மணி நேரம் தள்ளினேன். குமட்டியது, மலம் கறுத்தது. கறுப்பது மருந்தால்தான், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குமட்டலைச் சொன்னதும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார்; அப்படிப் போட்டாலும் உடம்பு நன்றாகவே எடுத்துக்கொள்ளுமாம். ஐந்தாவது வாரம் ஹீமோகுளோபின் 10.4. களிம்பு இல்லாமலேயே வாய் ஓரம் மூடியிருந்தது. மூன்று மாதத்தில் 12.3 வந்தும் நிறுத்தவிடவில்லை. ரத்தம் நிறைந்தாலும் சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் ஆகும் என்றார்.

கடைசியாகப் போனபோது மாமா கூட வந்திருந்தார், பீடி குடிப்பவர். அவர் கீழுதட்டில் இருந்த சின்னப் புண்ணைக் காட்டி, "இதுவும் பனிதானே டாக்டர்?" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. கையுறை போட்டு விரலால் அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்றார், இல்லை என்றார் மாமா. எத்தனை நாள்? தீபாவளியிலிருந்து. பனி வெடிப்பு ஜெல்லிக்கு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும், ஒரே இடத்தில் வலியில்லாமல், ஓரம் கெட்டியாக அதற்கு மேலும் நிற்கும் புண்ணைச் சதைப் பரிசோதனை செய்யாமல் விடமாட்டேன் என்று அங்கேயே சீட்டு எழுதினார். முடிவு வந்தது: புற்று இல்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்பக்கூடிய மாற்றம் தொடங்கியிருக்கிறது. அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை காட்டப் போகிறார். பீடி ஆறிலிருந்து இரண்டாகியிருக்கிறது, நிற்கவில்லை.

பச்சரிசி ஆசை எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. பொங்கல் வைக்க டப்பாவைத் திறந்தபோது அரிசி முக்கால்வாசி அப்படியே இருந்தது.