"அண்ணா டவுனா?"ல இருந்து 99.82 வரைக்கும்

எங்க பேமெண்ட் ஏபிஐ வெண்டரோட அக்கவுண்ட் மேனேஜருக்கு நான் அனுப்பின பழைய மெசேஜ் எல்லாத்தையும் ஒரு நாள் உக்காந்து ஸ்க்ரோல் பண்ணி பாத்தேன், எனக்கே வெக்கமா போச்சு. "அண்ணா மறுபடியும் டவுனா?", "கொஞ்சம் பாருங்க ப்ளீஸ், இங்க என்னைய கிழிக்கிறாங்க", "ஓகே வந்துடுச்சு, தேங்க்ஸ் அண்ணா, பிரச்சனை இல்ல". அந்த கடைசி மெசேஜ்தான் ரொம்ப மோசம். முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒரு கஸ்டமரால காசு கட்ட முடியல, நானே எழுத்துல பிரச்சனை இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன்.

மூணாவது தடவை விழுந்தப்ப எங்க மேனேஜர் "கான்ட்ராக்ட்ல என்ன இருக்கு, அதை வச்சு ஒரு மெயில் போடு"ன்னாரு. சைன் பண்ண நாள்ல இருந்து யாரும் தொறக்காத பைல் அது. மெயின் அக்ரிமெண்ட்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் கடைசியில ஒட்டியிருந்த சர்வீஸ் லெவல் ஷெட்யூல்ல இருந்துச்சு. மாசத்துக்கு 99.9 சதவீதம் அவைலபிலிட்டி, பி1ங்கிற ரொம்ப அவசர டிக்கெட்டுக்கு 15 நிமிஷத்துல ரெஸ்பான்ஸ், ஏன் விழுந்துச்சுன்னு மூல காரணத்தை சொல்ற ஆர்சிஏ ரிப்போர்ட் 5 வேலை நாள்ல, 99.9க்கு கீழ போனா அந்த மாச பில்லுல 10 சதவீதம் கிரெடிட், ஆனா மாசம் முடிஞ்சு 30 நாளைக்குள்ள நாமளா எழுத்துல கேக்கணும். கேக்கலன்னா கிடையாது, அவங்களா கூப்பிட்டு தரமாட்டாங்க.

கோவத்துல நான் அனுப்பின முதல் மெயில் ஒரு பக்கம் இருந்துச்சு. "தொடர்ந்து சேவை மிக மோசம், இந்த மாதம் மூணு மணி நேரத்துக்கு மேல் டவுன்"னு. வெண்டர் பக்கத்துல இருந்து ரெண்டே வரியில பதில் வந்துச்சு, நீங்க சொல்ற மூணு மணி நேரம் எப்படி வந்துச்சு, ஷெட்யூல்ல டவுன்டைம்னா என்னன்னு பாருங்கன்னு. பாத்தா அவங்க சொன்னது சரி. ரெக்வெஸ்ட் எரர் ஆகி திரும்பினாதான் டவுன்டைம், ஸ்லோவா இருந்தா கணக்கு இல்ல. நான் சேத்திருந்த மூணு மணி நேரத்துல பாதிக்கு மேல ஸ்லோ. அதோட எங்க லாக் லோக்கல் டைம்ல இருக்கு, அவங்க ஸ்டேட்டஸ் பேஜ் உலகப் பொது நேரமான யுடிசில இருக்கு, ரெண்டையும் கலந்து எழுதி தொலைச்சிருக்கேன். ஒரு நம்பர் தப்பா போனா மீதி எல்லா நம்பரையும் சந்தேகமாதான் பாப்பாங்க.

அதனால முதல்ல இருந்து கணக்கு போட்டேன், எல்லாமே யுடிசில. 30 நாள் மாசம்னா 43,200 நிமிஷம், 99.9ன்னா அதுல 43.2 நிமிஷம் விழலாம், அவ்ளோதான். டவுன்டைம் எப்ப ஆரம்பிக்குதுன்னா, நாம டிக்கெட் போட்ட நேரமோ அவங்க ரெக்கார்ட்ல இருக்கிற நேரமோ, எது முதல்லயோ அது. 11ம் தேதி எங்க மானிட்டர் 14:08க்கே கத்துச்சு, நான் டிக்கெட் போட்டது 14:12, சரியானது 14:49, ஆக 37 நிமிஷம். நடுவுல போன நாலு நிமிஷம் அண்ணாவுக்கு சாட்ல டைப் பண்ணதுல போச்சு, சாட் கணக்குல வராது. 19ம் தேதி இன்னும் கேவலம், டிக்கெட்டே போடல, வெறும் சாட்தான். நல்லவேளை அவங்க ஸ்டேட்டஸ் பேஜ்லயே 22:13ல இருந்து 22:34ன்னு போட்டிருந்தாங்க, 21 நிமிஷம் தப்பிச்சுது. 27ம் தேதி 18 நிமிஷம், அது மெயின்டெனன்ஸ்னு சொன்னாங்க, ஆனா 5 வேலை நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்தாதான் மெயின்டெனன்ஸ் விலக்கு, எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மெயில் வந்துச்சு, அதனால அதுவும் டவுன்டைம்தான். மொத்தம் 76. அவைலபிலிட்டி 99.82.

மூணு மணி நேரம்னு கத்தினதை விட 76 நிமிஷம்னு சொன்னது பெருசா தெரிஞ்சுதுன்னா நம்புவீங்களா?

அனுப்பினது இங்கிலீஷ்ல, ஆனா விஷயம் இவ்ளோதான்: "ஷெட்யூல் பிரிவு 4ன்படி இந்த மாத அவைலபிலிட்டி 99.82 சதவீதம், ஒப்புக்கொண்ட அளவு 99.9. மூன்று சம்பவங்களின் நேரமும் ஆதாரமும் கீழே. 11ம் தேதி பி1 டிக்கெட்டுக்கு முதல் மனிதப் பதில் 14:41க்கு வந்தது, அதாவது 29 நிமிடம், ஒப்புக்கொண்டது 15. அந்த சம்பவத்தின் ஆர்சிஏ கெடு தாண்டியும் வரவில்லை. பிரிவு 6ன்படி 10 சதவீத கிரெடிட்டை அடுத்த இன்வாய்ஸில் கழிக்கவும், ஆர்சிஏவை வரும் வெள்ளிக்குள் அனுப்பவும்." முடிஞ்சுது. மோசம், வருத்தம், ஏமாற்றம் எதுவும் இல்ல. வேற வெண்டரை பாப்போம்னும் எழுதல, ஏன்னா அப்ப எங்களால மாத்த முடியாது, அது அவங்களுக்கும் தெரியும்.

"முதல் மனிதப் பதில்"னு எழுதினது காரணமாத்தான். டிக்கெட் போட்ட உடனே 14:12க்கே ஒரு ஆட்டோ ரிப்ளை வந்துடுச்சு, அதையே ரெஸ்பான்ஸ்னு காட்டுவாங்கன்னு தெரியும். எங்க ஷெட்யூல்ல ரெஸ்பான்ஸ்னா இன்ஜினியர் ஒருத்தர் பதில் சொல்றதுன்னு எழுதியிருக்கு, எல்லா கான்ட்ராக்ட்லயும் அப்படி இருக்காது, அந்த ஒரு வார்த்தைய பாத்துட்டுதான் இந்த பாயின்ட்ட தொடணும். இன்னொண்ணு, ரெஸ்பான்ஸ் 15 நிமிஷம்னா 15 நிமிஷத்துல சரி பண்ணுவேன்னு அர்த்தம் இல்ல, எங்க ஷெட்யூல்ல ரெசல்யூஷனுக்கு டைமே போடல. அதை வச்சு சண்டை போட போனா நாமதான் அசிங்கப்படுவோம்.

அனுப்பிட்டு கொஞ்சம் பயமாதான் இருந்துச்சு, இத்தனை நாள் அண்ணா அண்ணான்னு பேசிட்டு திடீர்னு பிரிவு 6ன்னா மனுஷன் என்ன நினைப்பாருன்னு. சாயங்காலம் அவரே போன் பண்ணாரு. "இதை முன்னாடியே அனுப்பியிருக்கலாமேப்பா, 'அண்ணா டவுனா'ங்கிற சாட்டை நான் யாருக்கு ஃபார்வர்ட் பண்றது?"ன்னு கேட்டாரு. அப்பதான் உறைச்சுது. மெயில் அவருக்கு இல்ல, அவர் வழியா அவங்க ஆபரேஷன்ஸ் தலைக்கும் பைனான்ஸுக்கும் போறது. நான் இத்தனை நாள் அவர்கிட்ட புலம்பிட்டு இருந்தேன், அவரும் உள்ள போய் தன் வாயால புலம்பிட்டு இருந்திருக்காரு, கையில பேப்பர் இல்லாம.

27ம் தேதிய மட்டும் ரெண்டு தடவை மறுத்தாங்க. நோட்டீஸ் மெயிலோட ஹெட்டர்ல இருந்த நேரத்தை அப்படியே ஒட்டி அனுப்பினேன். அதை எடுத்துட்டாக்கூட 58 நிமிஷம், 43.2ஐ எப்பவோ தாண்டியாச்சு, அதையும் ஒரு வரி சேத்தேன். ஆர்சிஏ வெள்ளிக்கு வரல, திங்கள் வந்துச்சு. கிரெடிட் அடுத்த இன்வாய்ஸ்ல மைனஸ் போட்டு ஒரு லைனா வந்துச்சு.

போன வாரம் மறுபடி விழுந்துச்சு. முதல்ல டிக்கெட், அப்புறம் அண்ணாவுக்கு சாட், டிக்கெட் நம்பரோட. ஒன்பது நிமிஷத்துல வந்துடுச்சு. "தேங்க்ஸ் அண்ணா, பிரச்சனை இல்ல"ன்னு டைப் பண்ணிட்டேன், பழக்கதோஷம். அழிச்சுட்டு "18:40க்கு சரியானது, ஆர்சிஏக்கு காத்திருக்கோம்"னு போட்டேன். ஒரு தம்ஸ் அப் வந்துச்சு.