மூன்று புள்ளி வைத்து ஏமாந்தேன், எட்டு வைத்தும் ஏமாந்தேன்: பழைய கிராம வரைபடத்தோடு இரண்டு வாரம்

இப்போது மூடிக் கிடக்கும் ஒரு வாய்க்கால் முன்பு எங்கே ஓடியது என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன். கையில் இருந்தது துணியில் ஒட்டிய 1:5000 கிராம வரைபடத்தின் ஸ்கேன், 300 டிபிஐ. ஸ்கேன் எடுத்துக் கொடுத்த அலுவலகத்தில் "இது ஒரே ஷீட்டா, ஒட்டினதா?" என்று கேட்டேன். "ஒரே ஷீட்தான் சார், எடுத்துட்டுப் போங்க" என்று தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பியதற்கு விலை இரண்டு வாரம்.

முதலில் ஒரு கணக்கு, இது இல்லாமல் மேலே படித்துப் பயனில்லை. 300 டிபிஐ-யில் ஒரு பிக்சல் தாளில் சுமார் 0.085 மி.மீ. அதை 5000 ஆல் பெருக்கினால் தரையில் 0.42 மீட்டர். QGIS என்ற வரைபட மென்பொருளின் Georeferencer கருவியில், ஸ்கேனில் தெரியும் ஓர் இடத்தை இன்றைய படத்தில் அதே இடத்தோடு இணைப்பதுதான் புள்ளி வைப்பது. பொருத்திய பிறகும் ஒரு புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறது என்பது அதன் ரெசிடுவல், அதாவது மிச்சப் பிழை. அது பிக்சலில் வருவதால், 10 பிக்சல் என்றால் தரையில் நாலே கால் மீட்டர் என்று தலைக்குள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் நாள் மூன்று புள்ளிகள் வைத்து, படத்தை வளைக்காமல் நகர்த்தி, சுழற்றி, நீட்டி, சாய்த்து மட்டும் பொருத்தும் Polynomial 1 கொடுத்தேன். பிழை பூஜ்யம்! அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: Polynomial 1-க்கு ஆறு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும், மூன்று புள்ளிகள் கொடுப்பது சரியாக ஆறு எண்கள். எதை வைத்தாலும் பூஜ்யம்தான் வரும், ஊரே மாறி இருந்தாலும். நாலாவது புள்ளியிலிருந்துதான் ரெசிடுவல் என்ற சொல்லுக்கே அர்த்தம்.

சரி என்று எட்டுப் புள்ளிகளாக்கினேன். இங்கேதான் உண்மையான தப்பு. பழைய வரைபடத்திலும் இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் ஒன்றாகத் தெரியும் இடங்கள் ஏழு கிடைத்தன: கோயில், பழைய கிணறு, குளத்தின் மூலை, தெருச் சந்திப்புகள். ஏழும் குடியிருப்பைச் சுற்றி, அதாவது தாளின் மேற்குப் பாதியில். எட்டாவது கிழக்கு ஓரத்தில் தனியாக நின்ற ஒரு பாதைச் சந்திப்பு. பட்டியலைப் பார்த்தால் சந்திப்புக்கு 3 பிக்சல், கோயிலுக்கு 8. "கோயிலைத் திருப்பிக் கட்டியிருப்பார்கள்" என்று நானே ஒரு காரணம் கற்பித்து அதை நீக்கினேன், சராசரிப் பிழை குறைந்தது, நிம்மதி. வாய்க்காலை வரைந்து பார்த்தால் நடுவில் இருந்த தோட்டத்து வேலிகளோடு ஏதோ ஒட்டாமல் நின்றது.

குற்றவாளி கோயில் இல்லை. கூட்டத்தை விட்டுத் தனியாக, ஓரத்தில் நிற்கும் புள்ளி தன் பக்கம் மொத்தப் பொருத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்தத் திசையில் அதை எதிர்த்துப் பேச வேறு ஆள் இல்லையே. அதனால் அதன் சொந்தப் பிழை சின்னதாகவே தெரியும், மிச்சத்தை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமப்பார்கள். பெரிய ரெசிடுவல் உள்ள புள்ளிதான் தப்பு என்று நினைத்து நீக்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீக்குவதற்கு முன் புள்ளிகளைச் சேமித்து வையுங்கள், திரும்பக் கூப்பிட வேண்டி வரும்.

கோயிலைத் திரும்பச் சேர்த்தேன். பிறகு ஒவ்வொரு புள்ளியாக டிக்கை எடுத்துவிட்டு, மீதியை வைத்து ஓட்டி, எடுத்த புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்தேன். சலிப்பான வேலை, ஆனால் எட்டுத் தடவைதான். கோயிலை எடுத்தால் அது 10 பிக்சல் தள்ளி விழுந்தது. கிழக்குச் சந்திப்பை எடுத்ததும் மற்ற ஏழும் 2 பிக்சலுக்குள் அடங்கின, கோயில் உட்பட. சந்திப்பு மட்டும் 60 பிக்சல், 25 மீட்டர் தள்ளி விழுந்தது. ஏழு புள்ளிகளும் ஒரு மூலையில் குவிந்திருக்கும்போது அவ்வளவு தூரத்துக்குக் கணிப்பது கொஞ்சம் ஆடும் என்பது சரி, ஆனால் 25 மீட்டர் ஆடாது.

பாதையை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டி, வெயிலில் அங்கே போனேன். சந்திப்பில் இருந்த பழைய எல்லைக்கல் வரைபடத்தில் குறித்த அதே மூலையில், சாய்ந்துகூடப் போகாமல் நின்றது. வீண் அலைச்சல், இன்னும் எரிச்சல் தீரவில்லை. போனதற்குப் பலன், கிழக்குப் பக்கம் இன்னும் ஐந்து கற்களையும் பாலங்களையும் குறித்துக்கொண்டு வந்தேன்.

அவற்றைச் சேர்த்ததும் பிழை கூடியது. நண்பர் ஒருவர் "Thin Plate Spline போடு, எல்லாம் பூஜ்யமாகிவிடும்" என்றார். ஆகும்தான். அது எல்லாப் புள்ளிகளையும் தொட்டே தீரும் வகை, பிழையைத் தீர்க்காது, புள்ளிகளுக்கு நடுவில் உள்ள நிலத்தைப் பிடித்து இழுத்து மறைக்கும். எனக்கு வேண்டிய வாய்க்கால் அந்த நடுவில்தான் ஓடியது. அதனால் Polynomial 1-இலேயே இருந்துகொண்டு ஒவ்வொரு புள்ளியின் குறுக்குவாட்டுப் பிழையான dX, நெடுக்குவாட்டுப் பிழையான dY இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தேன். dY எல்லாம் அமைதி. dX மட்டும் தாளின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் 20 பிக்சல் ஒரு திசையில், அந்தப் பக்கம் 22 பிக்சல் எதிர்த் திசையில். புள்ளியைத் தப்பாக வைத்திருந்தால் பிழைகள் இப்படி ஒரு கோட்டின் இரு பக்கமும் அணிவகுத்து நிற்காது.

ஸ்கேனை அந்த நடுக்கோட்டில் முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். மேலிருந்து கீழே மெல்லிய ஒரு நிழல். சாய்வாக வரும் வாய்க்கால் கோடு அந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு படி ஏறியது. நிழலின் மேல் விழுந்த ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து பாதி விழுங்கப்பட்டிருந்தது. கிழிந்த தாளைத் துணியில் ஒட்டியபோது, கிழக்குப் பாதியை மேற்குப் பாதியின் மேல் 5 மி.மீ. ஏற்றி ஒட்டியிருக்கிறார்கள். 5 மி.மீ. என்றால் 60 பிக்சல், 25 மீட்டர். ஒரே ஷீட்டாம்!

பிறகு நடந்ததற்கு ஒரு வரி போதும்: படத்தை ஒட்டில் இரண்டாக வெட்டி, தனித்தனியாகப் பொருத்தினேன், இரண்டு பக்கமும் ரெசிடுவல் 3 பிக்சலைத் தாண்டவில்லை. ஆனால் அந்த 3-ஐ யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துக்கு மூன்று புதிய இடங்களைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து அவற்றை மட்டும் அளந்தேன். பெரும்பாலும் 5 பிக்சல், ஒன்று மட்டும் 7, அதாவது இரண்டு முதல் மூன்று மீட்டர். இதற்குக் கீழே இறங்க முயலவும் இல்லை. வரைபடத்தில் வாய்க்காலை வரைந்த கோடே அரை மி.மீ. தடிமன், தரையில் அதுவே இரண்டரை மீட்டர். இதை வைத்து வேலித் தகராறு தீர்க்கலாமா என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் திறந்தால் நடுவில் 25 மீட்டர் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை. வாய்க்கால் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. நடுவில் புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன். மேற்குத் தாளின் அந்த ஓரம் ஒட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கலாம், பிரித்துக் காட்ட முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்திருக்கிறேன்.